எனக்குத் தேடுகிறது

மணிமுத்தாறு தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடலை அடைகிறது. அக்கடற்கரையில் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் தங்கியிருந்தனர். அவர்களிடமிருந்து சாவி, சன்னல், மேசை முதலிய சொற்கள் தமிழுக்கு வந்தன. 'சவுதாதே' என்னும் சொல் வரவில்லை. தனிமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த அது, உடன் இல்லாதவரை எண்ணி மனம் கொள்ளும் ஏக்கத்தை உணர்த்தும்.

நெல்லை வழக்கில் அவ்வேக்கத்தைச் சொல்ல ஒரு தொடர் உண்டு. மணிமுத்தாற்றில் இருக்கும் தாய், வெளியூரில் பணிபுரியும் மகனிடம் தொலைபேசியில், "எனக்கு ஒன்னயத் தேடுதுய்யா" என்பாள். மகன் இருக்குமிடம் அவளுக்குத் தெரியும். அன்றாடம் அவன் குரலையும் கேட்கிறாள். ஆயினும் தேடுகிறது.

'நான் தேடுகிறேன்' என்பதில் தேடுபவர் எழுவாய்; விரும்பினால் தேடலை நிறுத்தலாம். 'எனக்குத் தேடுகிறது' என்பதில், 'எனக்குப் பசிக்கிறது' என்பதைப் போல, உணர்பவர் நான்காம் வேற்றுமை ஏற்கிறார். ஏக்கம் அவர் செய்வதன்று, அவருக்கு நேர்வது. போர்ச்சுகீசியரோ 'சவுதாதே வைத்திருக்கிறேன்' என்று அதனை உடைமைபோல் கூறுவர்.

சாவி தொலைந்தால் தாய் அதனைத் தேடுகிறாள். கிடைத்ததும் தேடல் முடிகிறது. மகன் பிரிந்தால் அவளுக்குத் தேடுகிறது. அவன் வாசலில் வந்து நிற்கும்வரை அது ஓய்வதில்லை.