வெள்ளிக்கிழமைக்கு மாறிய டாக்டர்

வலிப்பு நோய்க்குப் பார்க்கும் நரம்பியல் டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். அவருடைய நாள் செவ்வாயிலிருந்து வெள்ளிக்கு மாறும்போது, புறநோயாளிகளுக்குக் கடிதம் எழுதுவது மருத்துவமனை நிர்வாகியான என் வேலை. எழுத உட்காருமுன் நான் பார்ப்பது, அவர்கள் கையில் எத்தனை நாள் மாத்திரை இருக்கிறது என்பதைத்தான்.

செவ்வாயன்று 28 நாள் மாத்திரை வாங்கிப் போனவருக்கு நான்காம் வாரத் திங்கள் இரவோடு அது தீரும். டாக்டர் வெள்ளி வருவார் என்று மட்டும் எழுதினால், நடுவே மூன்று முழு நாள் கை காலி. வெள்ளி காலை வேளையும் தவறும். தினம் இரண்டு வேளை சாப்பிடுகிறவருக்கு ஏழு வேளை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரக்கூடும். சிலருக்கு நிற்காமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

அதனால் வருகையைத் தள்ளிப் போடாமல் நான்கு நாள் முன்னுக்கு இழுக்கிறேன். செவ்வாய் வரவேண்டியவர் அதற்கு முந்தைய வெள்ளியே வரட்டும். மாறுகிற வாரத்தில் மட்டும் டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் வரவேண்டியிருக்கும். அதற்கு அவரிடம் முன்பே சம்மதம் வாங்கிவிட வேண்டும்.

கடிதத்தின் முதல் வரி இப்படி: "நீங்கள் 24ஆம் தேதி செவ்வாய் வர வேண்டாம். 20ஆம் தேதி வெள்ளி காலை 9 மணிக்கு வாருங்கள்." தேதியை ஒவ்வொருவர் சீட்டையும் பார்த்துக் கையால் எழுதுகிறோம். 'இனி வெள்ளிதோறும்' என்று பொதுவாகப் போட்டால், எந்த வெள்ளி என்று பலருக்குக் குழப்பம் வரும். அடுத்த வரி: "வர முடியாவிட்டால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பழைய சீட்டோடு வேறு எந்த நாளிலும் வாருங்கள், பணியில் இருக்கும் டாக்டர் எழுதித் தருவார்." 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு' என்ற வரிக்கு என் கடிதத்தில் இடமே கிடையாது. நோயாளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஒட்டிய உறையில்தான் அனுப்புவோம், தபால் அட்டையில் ஒருபோதும் இல்லை. உறைமேல் மருத்துவமனைப் பெயர் மட்டும் இருக்கும், 'வலிப்பு நோய்ப் பிரிவு' என்ற முத்திரை விழாது. வரன் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணின் வீட்டுக்கு அந்த முத்திரையோடு கடிதம் போனால் என்ன ஆகும் என்று எங்கள் பதிவுப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும்.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் சிலர் பழைய செவ்வாயன்றே வந்து நிற்பார்கள். முகவரி மாறியிருக்கும், அல்லது கடிதத்தைப் படித்துச் சொல்ல வீட்டில் ஆள் இருந்திருக்காது. ஆகவே முதல் நான்கு செவ்வாய்களிலும் விவரம் தெரிந்த ஒருவரைப் பதிவு மேசையில் உட்கார வைப்பேன். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதே அவருக்குச் சொல்லும் உத்தரவு.

உங்கள் வீட்டுக்கும் இப்படியொரு கடிதம் வரலாம். வந்தால் உடனே மாத்திரை அட்டையை எடுத்து, புதிய தேதிவரை போதுமா என்று எண்ணிப் பாருங்கள். போதாதென்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.