மண் மணக்கும் நீர், மருந்து நெடி வீசும் நீர்

குழாய் நீரில் மண்வாசனை வீசினால் அது கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுகிறார்கள். குளோரின் நெடி வீசினால் மருந்தைக் கூடுதலாகக் கலந்துவிட்டார்கள் என்கிறார்கள். இவ்விரு முடிவுகளும் பெரும்பாலும் பிழையானவை. இம்மணங்களைத் தரும் பொருள்கள் குழாய் நீரில் காணப்படும் அளவில் பொதுவாகத் தீங்கற்றவை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அவை அந்த நீருக்கு ஏன் வந்தன?

மண்வாசனைக்குப் பெரும்பாலும் காரணமாவது ஜியோஸ்மின். கிரேக்க மொழியில் மண்ணையும் மணத்தையும் குறிக்கும் இரு சொற்களால் ஆன பெயர் அது. புதுமழையின்போது நிலத்திலிருந்து எழும் மணத்திலும் அதற்குப் பங்குண்டு. மண்ணில் வாழும் சிலவகை நுண்ணுயிரிகளும், ஏரி குளங்களில் பெருகும் சில நீலப்பச்சைப் பாசிகளும் அதனை உருவாக்குகின்றன. மனித மூக்கு அதனை அறியும் திறன் வியப்புக்குரியது. ஒரு லிட்டரில் 10 நானோகிராம் இருந்தாலே பலரால் உணர முடியும். அதாவது, பத்துக் கோடி லிட்டர் நீரில் ஒரே ஒரு கிராம். அந்த அளவில் அது உடலுக்கு ஊறு செய்வதில்லை. சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்க்கும் குளோரினால் அது எளிதில் அழிவதும் இல்லை. கிளர்வூட்டிய கரித்தூளில் ஒட்டிக்கொண்டு நீங்குகிறது.

2020 ஜனவரியில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இதுதான் நிகழ்ந்தது. குவாண்டு சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வந்த நீரில் மண்ணின் சுவையும் மணமும் ஏறின. கடைகளில் புட்டி நீர் தீர்ந்துபோனது. காரணம் ஜியோஸ்மின் என்றும், அதனால் உடல்நலத்துக்குக் கேடில்லை என்றும் குடிநீர் நிறுவனம் அறிவித்தது. பின்னர் கரித்தூள் சேர்க்கத் தொடங்கியது. ஆனால் ஆய்வாளர்கள் சுட்டியது நீர் எடுக்கும் இடத்துக்கு அருகே கலக்கும் சிற்றாறுகளை. அவை சுத்திகரிக்கப்படாத கழிவுநீரைச் சுமந்துவந்தன. அக்கழிவின் சத்தில் பாசி செழித்தது. ஜியோஸ்மின் நஞ்சன்று. எனினும் சிலவகை நீலப்பச்சைப் பாசிகள் மைக்ரோசிஸ்டின் போன்ற நஞ்சுகளையும் உண்டாக்கக்கூடும். அந்த நஞ்சுக்கு மணமில்லை. ஆகவே மண்வாசனை ஓர் அறிகுறி மட்டுமே: நீர்நிலையில் பாசி பெருகியிருக்கலாம், நஞ்சுக்கான சோதனை தேவை என்பதே அதன் பொருள்.

குளோரின் நெடியின் கதை தலைகீழானது. குழாய் முனையில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வழியில் குழாய் கசிந்து கிருமி புகுந்தால் காப்பது அந்த எச்சமே. உலகச் சுகாதார நிறுவனம் 5 மில்லிகிராம் வரை ஏற்கிறது. பலரது மூக்கோ அதற்கு வெகு முன்பே நெடியை உணர்ந்துவிடுகிறது. மெல்லிய நெடி, காவல் இருக்கிறது என்பதன் அடையாளம்.

கண்ணைக் கரிக்கும் கடுநெடிக்கு வேறொரு காரணமும் உண்டு. நீரில் அம்மோனியா இருந்தால் குளோரின் முதலில் அதனோடு சேர்ந்து குளோரமின்களாகிறது. அவற்றுள் சில, தனிக் குளோரினைவிடக் காட்டமாக நெடி வீசுபவை. அம்மோனியாவில் உள்ள நைட்ரஜனின் எடையைப்போல் ஏறத்தாழ எட்டிலிருந்து பத்து மடங்கு குளோரின் சேர்த்த பிறகே அவை சிதைந்து, தனிக் குளோரின் எஞ்சத் தொடங்கும். ஆகவே கடுநெடி சில வேளைகளில் குளோரின் மிகுதியைக் காட்டாது. அம்மோனியாவுக்கு ஈடுகொடுக்கும் அளவு அது சேரவில்லை என்பதையே காட்டும். தில்லியில் யமுனை நீரின் அம்மோனியா லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராமைத் தாண்டும்போது வசீராபாத் நிலையம் உற்பத்தியைக் குறைக்க நேர்வது இந்தக் கணக்கினால்தான். அந்த அம்மோனியாவும் மேலே ஆற்றில் கலக்கும் கழிவிலிருந்து வருவது.

மணம் எங்கிருந்து வருகிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். தெருக்குழாயிலிருந்து நேராக வரும் நீரையும் மேல்நிலைத் தொட்டி நீரையும் இரு தூய கண்ணாடிக் குவளைகளில் பிடித்து, கழுவுதொட்டியிலிருந்து விலகி நின்று முகர வேண்டும். இரண்டிலும் மணம் இல்லையெனில் குற்றம் கழுவுதொட்டியின் வடிகாலில். தொட்டி நீரில் மட்டும் மண்வாசனை என்றால் தொட்டியைக் கழுவ வேண்டும். இரண்டிலும் இருந்தால் காரணம் வீட்டுக்கு வெளியே. குளோரின் நெடியுள்ள நீரை அகன்ற பாத்திரத்தில் சில மணிநேரம் வைத்தால் தனிக் குளோரின் பெரிதும் அகன்றுவிடும். குளோரமின் எளிதில் அகலாது. நெடி போன நீருக்குக் காவலும் போய்விடுவதால் அதை மூடிவைத்து விரைவில் பயன்படுத்த வேண்டும்.

மூக்கால் இயலாததும் உண்டு. ஆர்சனிக், நைட்ரேட், புளோரைடு, வயிற்றுப்போக்கைத் தரும் கிருமிகள் ஆகிய எவற்றையும் முகர்ந்து அறிய முடியாது. என்றும் வீசும் குளோரின் நெடி ஒருநாள் திடீரென நின்றுவிட்டால், மண்வாசனைக்குச் செய்யும் முறையீட்டைவிட விரைவாக முறையிட வேண்டியது அன்றுதான்.