ஒரே கோடுதான்... நெகட்டிவா மச்சி?

2022 ஜனவரி. ஒமிக்ரான் அலை உச்சத்துல இருந்த நேரம். சாயங்காலம் ஏழு மணிக்கு ஹாஸ்டல் நண்பன்கிட்ட இருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. மெடிக்கல் ஷாப்பில் வாங்கின கொரோனா டெஸ்ட் கிட். கீழே, 'மச்சி, ஒரே கோடுதான். நெகட்டிவ்! ஒன்பது மணி பஸ்ஸுல ஊருக்குக் கெளம்புறேன்.'

ரெண்டு கோடுன்னா பாசிட்டிவ், ஒண்ணுன்னா நெகட்டிவ். நீங்களும் இப்படித்தானே ஞாபகம் வெச்சிருக்கீங்க? நானும் அப்படித்தான். 'ஓகே டா'னு டைப் பண்ணப் போனவன், அவன் பாட்டி ஞாபகம் வந்து போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். கோடு இருந்தது 'T' எழுத்துக்கு நேரே. 'C' பக்கம் வெள்ளை வெளேர்னு காலி!

இங்கேதான் பாஸ் விஷயமே இருக்கு. நாம சொட்டு விடுற குழியில் இருந்து திரவம் ஸ்ட்ரிப்ல ஊர்ந்து போகும். போற வழியில் நிறத் துகள்களையும் சேர்த்து இழுத்துக்கும். அந்தத் துகள்கள்ல வைரஸைப் பிடிக்கிற ஆன்டிபாடி ஒட்டியிருக்கும். முதல்ல வர்றது T. வைரஸ் இருந்தா மட்டும் துகள்கள் அங்கே மாட்டும். அடுத்து வர்றது C. வைரஸ் இருக்கோ இல்லையோ, துகள்கள் அங்கே மாட்டியே ஆகணும். அதாவது, 'திரவம் கடைசி வரை ஒழுங்கா வந்துச்சு'ன்னு C கொடுக்குற சாட்சி அது. சாட்சியே வரலைன்னா T என்ன சொன்னாலும் செல்லாது. பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. டெஸ்ட்டே இன்வேலிட்!

உடனே போன் போட்டேன். "எத்தனை சொட்டுடா விட்ட?"

"ஒண்ணு. மீதி டியூப்லயே நுரையா நின்னுடுச்சு."

அந்தக் கிட்டுக்கு ரெண்டு சொட்டு வேணும். பாதி வழியிலேயே திரவம் தீர்ந்திருக்கலாம். எக்ஸ்பைரி ஆன கிட், உறையைப் பிரிச்சு ரொம்ப நேரம் ஈரக்காத்துல விட்ட கிட்டுகூட இப்படிக் காலை வாரும். அதே கிட்ல இன்னொரு சொட்டு விட்டுச் சரிபண்ண முடியாது. புது கிட், மூக்குல புதுசா சாம்பிள். அதுதான் வழி.

எட்டு மணிக்கு ரெண்டாவது போட்டோ வந்தது. C பளிச். T-ல கண்ணைச் சுருக்கிப் பார்த்தாத் தெரியுற மாதிரி ஒரு வெளிறின கோடு. "லேசாத்தானே இருக்கு மச்சி?"ன்னான். லேசா இருந்தாலும் கோடு கோடுதான். பாசிட்டிவ். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "எப்ப எடுத்த போட்டோ?" சரியா 15-வது நிமிஷம். அவன் கிட்டுக்கான அட்டையில் 20 நிமிஷத்துக்கு மேல பார்க்கக் கூடாதுன்னு போட்டிருந்தது. காரணம், காய்ஞ்ச பிறகு சும்மாவே ஒரு சாயல் தெரியலாம்.

அதனால, யாராவது இப்படி போட்டோ அனுப்பினா, C, T எழுத்து ரெண்டும் தெரியுற முழுப் படத்தைக் கேளுங்க. எடுத்த நேரத்தைக் கேளுங்க. கோட்டை எண்ணாதீங்க, முதல்ல C-யைத் தேடுங்க.

அவன் அன்னிக்கு பஸ் ஏறலை. ரூம்லயே தனியாப் படுத்துட்டான். பாட்டி போன்ல திட்டினது பக்கத்து ரூம் வரைக்கும் கேட்டுச்சாம்!