இழந்த எண்

2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில், குவைத்திலிருந்து நாற்பது நாள் விடுப்பில் ஊர் திரும்பிய கொத்தனார் ஒருவர் ஐதராபாத்திலிருந்த என்னை அழைத்தார். தெலங்கானாவின் ஜக்தியால் மாவட்டத்தில் கள ஆய்வு செய்தபோது பழக்கமானவர். மூத்தவர் என்பதால் "அன்னா" என்றே விளிப்பேன். அவருடைய உள்ளூர்க் கைபேசி எண் காலாவதியாகியிருந்தது. நேரில் சென்றால் வங்கியில் பணம் எடுக்கலாம். குவைத் திரும்பியபின் மகளின் கல்லூரிக் கட்டணத்தை அந்தக் கணக்கிலிருந்து செலுத்தத்தான் வழியில்லை. செயலி கேட்கும் ஓடிபி அந்த எண்ணுக்கே சென்றது.

முன்கட்டண எண்ணில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இன்றி, இருப்பும் 20 ரூபாய்க்குக் குறைந்தால் நிறுவனம் அதை முடக்கலாம். முடக்கிய எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்கு வழங்கலாம். அவ்வாறே வழங்கியும் விட்டனர். தம் பழைய எண்ணை அவர் அழைத்தபோது ஒரு பெண் எடுத்தார். நிலைமையைக் கேட்டு வருந்தினார். ஓடிபியைச் சொல்ல மட்டும் உறுதியாக மறுத்தார். அண்ணனுக்குக் கோபம். எனக்கோ அப்பெண் செய்ததே சரியென்று பட்டது.

பிழை என்னுடையதும்கூட. முதலில் வங்கிக்குச் செல்லுங்கள் என்றேன். கிளையில் ஆதார்வழிச் சரிபார்ப்பு கேட்டனர். அதற்கான ஓடிபியும் பழைய எண்ணுக்கே போயிற்று. ஒரு வாரம் வீணானது. புதிய எண்ணை முதலில் ஆதாரில் ஏற்றியிருக்க வேண்டும். மற்றவை பலவும் அதைப் பற்றியே நிற்கின்றன. அங்கே பழைய எண் தேவையில்லை, ஆவணமும் தேவையில்லை. அப்போது 50 ரூபாயும் உடலும் போதுமாக இருந்தன. அதனால்தான் குவைத்திலிருந்தபடி அவரால் எதுவும் செய்ய முடியவில்லை.

உடலும் எளிதில் ஒத்துழைக்கவில்லை. சிமெண்ட்டில் தேய்ந்த விரல்ரேகைகளைக் கருவி பலமுறை நிராகரித்தது. இதை என் ஆய்வேட்டில் ஒரு வரியாக எழுதியிருந்தேன். மையத்தில் அவர் கைகளைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்தபோதுதான் அந்த வரியின் வறட்சி உறைத்தது. இறுதியில் கருவிழிப் பதிவு கைகொடுத்தது.

ஆறு நாளில் எண் ஏறியது. பின்னர் வங்கியில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும் பழைய எண் நீக்கப்பட்டது. அதுவரை அவர் கணக்கின் செய்திகள் யாரோ ஒருவரின் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தன. யூபிஐ செயலி, சிம் இருக்கும் கைபேசியிலிருந்தே குறுஞ்செய்தி அனுப்பித் தன்னைப் பதிந்துகொள்ளும். ஆகவே அதைப் புறப்படுமுன் முடித்தாக வேண்டியிருந்தது. வெளிநாட்டு எண்ணில் யூபிஐ பெற அவ்வாண்டு அனுமதிக்கப்பட்ட பத்து நாடுகளில் குவைத் இல்லை. வாட்ஸப் ஒன்றே தொல்லை தரவில்லை: பழைய கணக்கு கைபேசியில் திறந்தே இருந்ததால், எண்ணை மாற்றும் வசதியில் புதிய எண்ணைச் சரிபார்த்ததும் மாறிவிட்டது.

புதிய சிம்மை உடன்கொண்டு செல்வதா, மனைவியிடம் விட்டுச் செல்வதா என்று நெடுநேரம் யோசித்தார். உடன்கொண்டு சென்றால் ரோமிங்கும் ரீசார்ஜும் ஓயாத செலவு. விட்டுச் சென்றால் ஒவ்வொரு ஓடிபிக்கும் மனைவி விழித்திருக்க வேண்டும். கொண்டு சென்றார். ரீசார்ஜ் நாளை மகள் தன் பாடநூலின் முதல் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறாள்.