வழியும் அவத்தையும்

மூவவத்தை நிலைமாற்றி பற்றிய விடையொன்றைச் சரிபார்ப்பவர், பெருக்கற் பிழைகளைத் தேடுவதற்கு முன் ஓரெண்ணைத் தேடுவது நன்று. அது √3, அண்ணளவாக 1.73. வந்த விடைக்கும் வரவேண்டிய விடைக்கும் உள்ள விகிதம் அவ்வெண்ணாயின், வழிக் கணியமும் அவத்தைக் கணியமும் ஒன்றென மயங்கப்பட்டிருத்தல் கூடும்.

வெளிக்கம்பிகள் இரண்டிற்கிடையே அளக்கப்படுவது வழி வோல்ற்றளவு; ஒரு சுருளின் இரு முனைகளுக்கிடையே அளக்கப்படுவது அவத்தை வோல்ற்றளவு. டெல்டா இணைப்பில் இவ்விரண்டும் சமம். ஆனால் வழி ஓட்டம் சுருளின் ஓட்டத்தைப் போல் √3 மடங்கு. நட்சத்திர இணைப்பிலோ ஓட்டங்கள் சமம். வோல்ற்றளவே √3 மடங்காகும்.

100 கிலோவோல்ற்று-அம்பியர் நிலைமாற்றி ஒன்றினைக் கொள்வோம். 11,000 வோல்ற்றுப் பக்கம் டெல்டா. 400 வோல்ற்றுப் பக்கம் நட்சத்திரம். முறுக்கு விகிதமும், முழுச்சுமையில் உயர்பக்க வழி ஓட்டமும் வினவப்படுகின்றன. இழப்புகள் புறக்கணிக்கப்படுகின்றன.

முதலாம் மாணவன் 11,000ஐ 400ஆல் வகுத்து, முறுக்கு விகிதம் 27.5 என்கிறான். தாழ்பக்க ஓட்டம் 144.3 அம்பியர் என்பதைச் சரியாகவே காண்கிறான். அதனை 27.5ஆல் வகுத்துப் பெற்ற 5.25 அம்பியரை டெல்டாச் சுருளின் ஓட்டமெனக் கொண்டு, √3ஆல் பெருக்கி 9.09 அம்பியர் என முடிக்கிறான். இப்பிழையை வலுவே காட்டிக்கொடுத்துவிடும். √3 × 11,000 × 9.09 ஏறத்தாழ 173 கிலோவோல்ற்று-அம்பியராகும். 173 உட்புக, 100 மட்டும் வெளிவருதல் இயலாது.

இரண்டாம் மாணவனும் 27.5 என்றே எழுதுகிறான். ஆயின் 5.25 அம்பியரையே வழி ஓட்டமாகத் தருகிறான். அது சரியான விடை. வலுவும் இருபக்கமும் சமமாகின்றது. ஆகவே வலுச் சோதனையில் அவனது முறுக்கு விகிதத்தின் பிழை தப்பிவிடுகின்றது.

அதனைப் பிடிப்பது வேறொரு சோதனை. ஓர் அவத்தையின் இரு சுருள்களையும் ஒரே காந்தப் பாயம் ஊடுருவுவதால், முறுக்கொன்றிற்கான வோல்ற்றளவு இரண்டிலும் சமமாதல் வேண்டும். தாழ்பக்கச் சுருளுக்கு 40 முறுக்குகள் என்க. அதன் முனைகளிடையே உள்ளது 400 அன்று, 231 வோல்ற்று, முறுக்கொன்றிற்கு 5.77 வோல்ற்று. 27.5 மெய்யாயின் உயர்பக்கத்தில் 1,100 முறுக்குகளே இருக்கும். அங்கு முறுக்கொன்றிற்கு 10 வோல்ற்று. 10ஐ 5.77ஆல் வகுத்தால் மீண்டும் 1.73. மெய்யான விகிதம் 47.6, உயர்பக்க முறுக்குகள் ஏறத்தாழ 1,905.

அவன் கூறியவாறே நிலைமாற்றியைச் சுற்றினால், தாழ்பக்கச் சுருள் ஒவ்வொன்றிலும் 400 வோல்ற்றுத் தோன்றும். 230 வோல்ற்றுக்குரிய வீட்டு விளக்குகள் கருகிவிடும்.

இருபக்கமும் ஒரேவகையில் இணைக்கப்பட்டிருப்பின், வழி விகிதமும் அவத்தை விகிதமும் சமமாகிவிடும். மயங்கியவனும் சரியான முறுக்கு விகிதத்தையே பெறுவான். ஆதலின் மாணவனின் தெளிவை அறிய விரும்பும் ஆசிரியர், டெல்டா-நட்சத்திர வினாவையே கொடுத்தல் தகும்.