சோனகத் தெருவின் திறப்பு

அன்பு நண்பரே,

மீண்டும் ஒக்டோபர் 30. 1990ஆம் ஆண்டு இதே நாளில், யாழ்ப்பாணத்தை விட்டு இரண்டு மணி நேரத்துள் வெளியேறுமாறு ஆயுதமேந்தியோர் நமக்குக் கட்டளையிட்டனர். ஜின்னா மைதானத்தில் கூடினோம். நகைகளும் காணி உறுதிகளும் பறிபோயின. வீட்டுத் திறப்பு மட்டும் எங்கள் உம்மாவின் முந்தானை முடிச்சில் புத்தளம் வரை வந்தது. அவர் மௌத்தானபின் அது எங்களிடம் இருக்கிறது. பூட்டும் கதவும் இல்லை.

சோனகத் தெருக் காணியை விற்கலாமா எனக் கேட்டிருந்தீர்கள். விற்பதில் பிழையில்லை, நம் பிள்ளைகளுக்குப் புத்தளமே ஊர். ஆயினும் கையொப்பமிடுமுன் ஒருமுறை சேர்ந்து போவோம். நம் இருவரின் வாப்பாமாரும் அங்குள்ள மையவாடியிலேயே அடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஸலாம் கூறி, துஆச் செய்துவிட்டு முடிவெடுப்போம். அன்று நாம் அவர்களிடம் விடைபெறவில்லை.