பூஜ்ய ரூபாய் ஆர்டர்

அக்டோபர் 6, திங்கள்

தீபாவளிக்கு இன்னும் இரண்டே வாரம். திருப்பூரில் குர்த்தி தைத்து இணையத்தில் விற்கிற எங்கள் சின்ன நிறுவனத்தில் எக்ஸ்சேஞ்ச் வேலை என் பொறுப்பு. காலையில் மதுரையிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். நாத்தனாருக்கு வாங்கிய எம் சைஸ் குர்த்தி மார்பில் பிடிக்கிறதாம், எல் வேண்டுமாம்.

பில்லை எடுத்துப் பார்த்தேன். குர்த்தி 1,200 ரூபாய், அதோடு ஒரு பேன்ட் 800. கூப்பனில் 300 கழிந்து, யூபிஐ வழியாக 1,700 கட்டியிருக்கிறார். பேன்ட் சரியாக இருக்கிறது, குர்த்திதான் மாற வேண்டும். ஸ்டாக்கில் எல் ஒன்றே ஒன்று காட்டியது. அதை அவர் பெயருக்கு ஒதுக்கி, பழையதை எடுத்துவர கூரியருக்குச் சொல்லிவிட்டேன்.

எல் எப்போதும் முதலில் தீர்ந்துபோவதற்குக் காரணம் கட்டிங் மேசையிலேயே இருக்கிறது. எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று 1:2:2:1 கணக்கில் வெட்டுகிறோம். எம்முக்கும் எல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஆனால் எம் வாங்கி இறுக்கமாக இருக்கிறது என்பவர்களும் எல்லுக்குத்தான் வருவார்கள். நேராக எல் வாங்குகிறவர்கள் ஒரு பக்கம், மாற்றிக் கேட்கிறவர்கள் ஒரு பக்கம். கடைசியில் எஸ்ஸும் எக்ஸ்எல்லும் மட்டும் தங்கும். ‘செட் உடைஞ்சுபோச்சு’ என்பார்கள் குடோனில்.

அக்டோபர் 9, வியாழன்

பழைய குர்த்தி வந்து சேர்ந்தது. புதியதைப் பேக் செய்யப் போன குடோன் அண்ணன் அதைக் கையிலேயே கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். பக்கத் தையலை ஒட்டி, கட்டைவிரல் அகலத்துக்கு மெஷின் எண்ணெய்க் கறை. “இதை எப்படிம்மா அனுப்பறது?” என்றார். கணினிக்கு அது ஒரு பீஸ். கறை அதற்குத் தெரியாது.

வேறு எல் தைக்கலாமா என்று கட்டிங்கில் கேட்டேன். அந்த லாட் துணி முடிந்துவிட்டது. அடுத்த லாட் சாயத்தில் நிறம் கொஞ்சம் மாறும், அதுவும் தீபாவளி கழித்துத்தான் வரும்.

மதுரைக்குப் போன் போட்டேன். காத்திருப்பது, வேறு டிசைன் எடுப்பது, பணம் திரும்பப் பெறுவது, மூன்றையும் சொன்னேன். “பண்டிகைக்குன்னு வாங்குனதும்மா. பணத்தைக் குடுத்துருங்க, நான் இங்கயே கடையில பாத்துக்கறேன்” என்றார். நியாயம்தான்.

எக்ஸ்சேஞ்ச் ஆர்டரை ரத்து செய்தேன். திரையில் வந்தது: திருப்ப வேண்டிய தொகை 0 ரூபாய்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். எக்ஸ்சேஞ்ச் கேட்டதும் எங்கள் கணினி ஒரு புது ஆர்டர் போடும். சைஸ் மட்டும் மாறுவதால் அதன் விலை பூஜ்யம். வாடிக்கையாளர் கட்டிய பணம் முழுவதும் முதல் ஆர்டரில்தான் இருக்கிறது. புது ஆர்டரை ரத்து செய்தால் பூஜ்யம்தான் திரும்பும். அவருக்கோ ‘உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி போய்விடும். ரத்து என்றால் பணம் வருகிறது என்று அவர் நம்பிக் காத்திருப்பார்; இங்கே யாரும் ரீஃபண்டைத் தொடங்கியே இருக்க மாட்டார்கள். முதல் ஆர்டரைத் திறந்து, குர்த்தியை மட்டும் ‘ரிட்டர்ன் வந்தது’ என்று மாற்றி, அங்கிருந்து பணத்தை அனுப்ப வேண்டும்.

எவ்வளவு அனுப்புவது? 1,200 அல்ல. கூப்பன் இரண்டு உருப்படிக்கும் சேர்த்துக் கழிந்தது. 2,000 ரூபாயில் குர்த்தியின் பங்கு 1,200. ஆகவே 300-இல் 180 அதன் பங்கு. போக மீதி 1,020. இந்தக் கணக்கைச் சொல்லாமல் அனுப்பினால், 180 ரூபாயை அமுக்கிவிட்டோம் என்றுதான் யாருக்கும் தோன்றும். போனிலேயே சொன்னேன். எடுத்துவந்த கூரியர் செலவைப் பிடிக்கவில்லை. துணி இல்லாமல் போனது எங்கள் பக்கம்.

அக்டோபர் 10, வெள்ளி

முதலாளி அண்ணனுக்கு மனம் ஒப்பவில்லை. “கூப்பனா குடுத்துரலாமே, வியாபாரம் நம்மகிட்டயே நிக்கும்” என்றார். சைஸ் பிடிக்கவில்லை என்பதற்காகப் பணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா என்றும் கேட்டார்.

பதில் சொல்லும் முன் திரும்பி வந்த எம் குர்த்தியை மேசையில் பரப்பினேன். அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே, இந்தத் தையலிலிருந்து அந்தத் தையல் வரை டேப் வைத்தேன். 19¼ அங்குலம், சுற்றளவு 38½. எங்கள் அளவு அட்டவணையில் எம் குர்த்தியின் மார்பு 40 என்று போட்டிருக்கிறது. தையலில் அரை அங்குலம் முன்பின் ஆவது வழக்கம், ஒன்றரை அங்குலம் ஆகாது.

இங்கேதான் சட்டம் வருகிறது. சொன்ன அளவில் துணி இருந்து, வாங்கியவர் தப்பான சைஸைத் தேர்ந்தெடுத்திருந்தால், நாமே எழுதி வைத்த ரிட்டர்ன் விதிதான் பேசும். விளம்பரத்தில் சொன்ன தன்மையில் பொருள் இல்லையென்றால், திரும்ப வாங்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள். புகார் வந்தால் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

அண்ணன் டேப்பை வாங்கித் தானும் ஒருமுறை அளந்தார். “அனுப்பிருமா” என்றார். 1,020 ரூபாய்க்கு ரீஃபண்டைத் தொடங்கினேன்.

அக்டோபர் 13, திங்கள்

மதுரை அம்மா கூப்பிட்டார், பணம் வரவில்லை என்று. நாங்கள் தொடங்கினாலும் பேமென்ட் கேட்வே, வங்கி என்று கைமாறிப் போக ஐந்து முதல் ஏழு வேலை நாள் சொல்கிறார்கள். நடுவில் சனி, ஞாயிறு வேறு. கேட்வே எங்களுக்குக் கொடுக்கும் ரீஃபண்ட் எண்ணைச் சொல்லி வங்கியில் கேட்டால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. வங்கிக்குத் தெரிந்தது யூபிஐ-க்கான 12 இலக்க ஆர்ஆர்என். அதை எடுத்து அவருக்கு அனுப்பிவைத்தேன்.

மாலையில் இதே டிசைனுக்காக ஈரோட்டிலிருந்து இன்னொருவர். அவர் கட்டியது வீட்டு வாசலில், ரொக்கமாக. பணம் வந்த வழியே திரும்பிப் போக அங்கே வழியில்லை. வங்கிக் கணக்கோ யூபிஐ முகவரியோ வாங்கித்தான் அனுப்ப வேண்டும். “ஓடிபி வந்தா சொல்லணுமா?” என்று அவரே கேட்டார். பணம் வாங்குகிறவர் ஓடிபியும் சொல்ல வேண்டியதில்லை, பின் எண்ணும் போட வேண்டியதில்லை. யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள் என்றேன்.

அவர் குர்த்தி இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. எல்லுக்காகக் காத்திருந்தால், ரிட்டர்னுக்கு நாங்கள் தரும் ஏழு நாள் நாளையோடு முடிந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் நிலுவையில் இருக்கிறது என்பதற்காகக் கணினி அந்தக் கெடுவை நிறுத்தி வைக்காது. இன்றே ரிட்டர்னாக மாற்றச் சொல்லி வாட்ஸப்பில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொன்னேன். எழுத்தில் வந்தால் தேதி நிற்கும்.

அக்டோபர் 15, புதன்

மதுரைக்கு 1,020 ரூபாய் போய்ச் சேர்ந்துவிட்டது. குடோனில் எம் ஸ்டாக் முழுவதையும் அளக்கச் சொல்லியிருக்கிறார் அண்ணன். 39½-க்குக் குறைந்ததெல்லாம் தனியாகப் போகும். நான் ரத்துக் குறுஞ்செய்தியை மாற்றி எழுதிக் கொடுத்தேன்: ‘எல் சைஸ் இல்லாததால் எக்ஸ்சேஞ்ச் ரத்து. உங்களுக்கு வர வேண்டியது இவ்வளவு ரூபாய், இந்த வழியாக, இந்தத் தேதிக்குள்.’ ரீஃபண்ட் தொடங்காமல் அந்தச் செய்தி வெளியே போகாதபடி கணினியில் பூட்டு வைக்கவும் சொல்லியிருக்கிறேன்.